வினைமுற்று குரலுக்கு, பெயர்ச்சொல் திரைக்கு

கேள்வி: "மேட்டூர் அணைத் திறப்பைப் பற்றி ஐந்து நிமிட விளக்கப் படம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். வாய்ஸ் ஓவரில் வருவதையே திரையிலும் போட்டிருந்தேன். பார்த்தவர்கள் 'பிபிடி மாதிரி இருக்கு' என்றார்கள். சொற்களை மாற்றிப் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது. திரையில் வரும் எழுத்தையும், பேசுபவர்களின் பெயர்ப்பட்டையையும் எப்படி எழுதுவது?"

சொற்களை மாற்றியதும் ஏன் மோசமானது என்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

குரல் "கொள்ளளவு" என்கிறது, அதே நொடியில் திரை "நீர்த் தேக்கத் திறன்" என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிறவர் மனசுக்குள் ஒரு சின்னச் சரிபார்ப்பு ஓடும்: இரண்டும் ஒன்றா, வேறு வேறா? ஒன்றுதான் என்று முடிவு செய்வதற்குள் குரல் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கும். அப்படியே பிரதியெடுத்துப் போட்டபோது இந்தத் தொல்லை இல்லை. அங்கே வேறு தொல்லை. கண் வாயைவிட வேகமாகப் படிக்கும். குரல் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே கண் கடைசிச் சொல்லுக்குப் போய்விட்டு, குரல் வந்து சேரட்டும் என்று காத்திருக்கும். அதற்குள் படத்தைப் பார்ப்பதையும் மறந்துவிடும்.

இது வெறும் ரசனை விஷயம் இல்லை. ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் 2001இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மின்னல் எப்படி உருவாகிறது என்ற அனிமேஷனை ஒரு குழுவுக்குக் குரலோடு மட்டும் காட்டினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே குரலோடு, அதே விஷயத்தைத் திரையில் எழுத்தாகவும் காட்டினார்கள். எழுத்தும் சேர்ந்து வந்த குழுவுக்குத்தான் குறைவாகப் புரிந்தது. படத்தையும் எழுத்தையும் ஒரே கண் பங்கு போட வேண்டியிருந்ததுதான் காரணம் என்றார்கள். அதோடு விட்டுவிட்டால் தப்பாகப் புரிந்துகொள்வோம். 2008இல் அவரே இன்னொருவரோடு செய்த ஆய்வில், படத்தின் உரிய பாகத்துக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று சொற்கள் மட்டும் போட்டார்கள். அந்தச் சொற்கள் குரலிலும் வருபவைதான். இந்த முறை பார்த்தவர்களுக்கு நன்றாக நினைவில் நின்றது. ஆக, ஒரு சொல் இரண்டு இடத்திலும் வருவதில் குற்றமில்லை. முழு வாக்கியம் இரண்டு இடத்திலும் வருவதுதான் சிக்கல்.

நான் எடிட் மேசையில் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று. திரையில் எழுதியது வினைமுற்றில் முடிகிறதா என்று பார்ப்பேன். "திறக்கப்படுகிறது", "கட்டப்பட்டது", "அமைந்துள்ளது" என்று முடிந்தால் அது குரலிலிருந்து திருடியது. தமிழில் வாக்கியத்தைப் பெரும்பாலும் முடித்து வைப்பது வினைதான், அதைக் குரலிடம் விட்டுவிடுங்கள். பெயர், எண், இடம், தேதி ஆகியவற்றைத் திரைக்குக் கொடுங்கள். அப்புறம் முக்கியமானது, திரைக்குப் போகிற பெயர்ச்சொல் குரலில் வருகிற அதே பெயர்ச்சொல்லாக இருக்கட்டும். குரல் "கொள்ளளவு" என்றால் திரையும் "கொள்ளளவு" என்றே சொல்லட்டும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று கட்டுரைப் போட்டிக்கு எழுதுவதுபோல மாற்றுச் சொல் தேட வேண்டாம்.

சரி, உங்கள் அணைக்கே வருவோம். உங்கள் ஸ்கிரிப்ட் என் கையில் இல்லை, ஆனால் இந்த மாதிரிப் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

"மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் தேதி டெல்டா பாசனத்துக்காக அணை திறக்கப்படுவது வழக்கம்."

திரையில் இதே நான்கு வரிகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு புள்ளியோடு, இடமிருந்து வலமாக வழுக்கிக்கொண்டு வரும். இங்கே திரை எழுத்தை மட்டும் திருத்தினால் போதாது. கேளுங்கள், குரல் என்று நாம் சொல்வதே திரையில் போட வேண்டிய பட்டியல்தான், அதை ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். பட்டியலைத் திரைக்கு அனுப்பிவிட்டால் குரலுக்கு வேலையில்லாமல் போகும். அப்போதுதான் குரலுக்கு உண்மையான வேலை என்ன என்று யோசிக்கத் தோன்றும். நான் எழுதினால் குரல் இப்படிப் போகும்:

"ஜூன் பன்னிரண்டு நெருங்கினால் டெல்டாவில் டீக்கடைப் பேச்சே மாறிவிடும். 'அணையில எத்தனை அடி?' இதுதான் முதல் கேள்வி. நூற்றிருபது என்றால் நிறைந்த அணை. தொண்ணூறுக்குக் கீழே என்றால், இந்த வருஷம் குறுவை உண்டா என்ற கவலை."

படம்: முதலில் டீக்கடை, பிறகு அணையின் அகலமான ஷாட், பிறகு அதே ஷாட்டின் மேல் செங்குத்தாக ஓர் அளவுகோல். திரையில் எழுத்து இவ்வளவுதான். அணை முதன்முதலில் தெரியும்போது ஓரமாக "மேட்டூர் அணை, 1934". அளவுகோலின் உச்சியில் "120 அடி", அதன் கீழே சற்றுச் சிறியதாக "93.47 டிஎம்சி". பாதிக்கு மேலே ஒரு கோடு, பக்கத்தில் "90 அடி". கட்டிய ஆண்டைக் குரல் தொடவே இல்லை. கொள்ளளவையும் தொடவில்லை. இரண்டும் படத்தில் இருக்கின்றன, வேண்டியவர் எடுத்துக்கொள்வார். குரலும் திரையும் சந்திக்கிற இடம் நூற்றிருபதும் தொண்ணூறும் மட்டும்தான். அந்தச் சந்திப்பு வேண்டும், இல்லையென்றால் இரண்டும் வேறு வேறு படங்கள்போல ஓடும்.

தசமப் புள்ளி எண்களைத் திரைக்குத் தள்ளியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "93.47" என்பதைக் கண் ஒரே வீச்சில் எடுத்துக்கொள்ளும். அதை வாயால் சொல்லிப் பாருங்கள்: தொண்ணூற்று மூன்று புள்ளி நான்கு ஏழு. சொல்லி முடிக்க மூன்று நொடி ஓடிவிடும், கேட்டவர் காதில் "ஏழு" மட்டும் மிஞ்சும். குரல் எண் சொல்லியே தீர வேண்டும் என்றால் "தொண்ணூற்று மூன்று டிஎம்சிக்கு மேல்" என்று முழு எண்ணாகச் சொல்லட்டும், துல்லியத்தைத் திரை பார்த்துக்கொள்ளும். ஆனால் "ஏறத்தாழ நூறு டிஎம்சி" என்று குரல் சொல்லி, திரை 93.47 என்று காட்டினால் யாரோ தப்பு பண்ணிவிட்டார்கள் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். குரலின் தோராயம், திரையின் துல்லியத்துக்குள் சண்டையில்லாமல் உட்கார வேண்டும்.

இதைவிட நல்ல பங்கீடு ஒன்று உண்டு: குரல் முடிவைச் சொல்லும், திரை கணக்கைக் காட்டும். டிஎம்சி, கன அடி இரண்டும் நாளிதழில் தினம் வந்தாலும் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று பலருக்கும் தெரியாது. குரல் சொல்லட்டும்: "அணையிலிருந்து விநாடிக்குப் பன்னிரண்டாயிரம் கன அடி திறந்தால், ஒரே நாளில் ஒரு டிஎம்சிக்குச் சற்று மேல் கீழே போய்விடும்." அந்த நேரத்தில் திரையில்:

12,000 கன அடி × 86,400 விநாடி ≈ 1.04 டிஎம்சி

அதற்குக் கீழே சிறிதாக "1 டிஎம்சி = 100 கோடி கன அடி". இந்தக் கணக்கைக் குரலில் வாசித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். திரையில் இருந்தால், நம்பாதவர் நிறுத்திச் சரிபார்ப்பார், நம்புகிறவர் குரலோடு போவார்.

காவிரித் தீர்ப்பைப் படத்தில் தொட்டால் இதே முறை உதவும். 2007இல் நடுவர் மன்றம், மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டியது ஆண்டுக்கு 192 டிஎம்சி என்றது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. திரையில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக இரண்டு கம்பங்கள், அடியில் ஆண்டு, தலையில் எண். குரல் இரண்டு எண்ணையும் சொல்லாமல், "நமக்கு வர வேண்டியதில் பதினைந்து டிஎம்சிக்குச் சற்றுக் குறைவாகக் கழிந்தது" என்று வித்தியாசத்தை மட்டும் சொன்னால் போதும். 14.75 என்ற எண் திரையில்கூட வர வேண்டியதில்லை, இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியே அதுதான்.

எதை எழுதுவது என்பது சரியானாலும், எப்போது வர வேண்டும் என்பதில் தவறினால் மறுபடி பிபிடி ஆகிவிடும். தமிழ் வாக்கியத்தில் செய்தி கடைசியில்தான் அவிழும். "மூன்று மாதம் காத்திருந்து, நாற்றங்கால் போட்டு, கடன் வாங்கி உரம் வாங்கிய பிறகு, தண்ணீர் வரவில்லை" என்று குரல் ஒரு கட்டு கட்டிக்கொண்டு வருகிறது. வாக்கியம் தொடங்கும்போதே திரையில் "தண்ணீர் இல்லை" என்று விழுந்துவிட்டால் முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிடும். எழுத்து அந்தச் சொல் காதில் விழும்போது அல்லது ஒரு நொடியின் கால் பங்கு கழித்து வரட்டும். 25 ஃப்ரேம் டைம்லைனில் ஐந்தாறு ஃப்ரேம் பின்னால் தள்ளி வைப்பது என் வழக்கம். முந்தி வந்தால் குரலைக் காட்டிக்கொடுக்கும். ரொம்பப் பிந்தினால் அடுத்த வாக்கியத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? பழைய எடிட்டர்கள், நிதானமாக இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கிற நேரம் என்பார்கள். சொற்களுக்கு அது சரியாக இருக்கிறது. எண்களுக்கு அவ்வளவு வேண்டாம், மேலே சொன்ன காரணம்தான்.

இனி பெயர்ப்பட்டை. நியூஸ் சானல்களில் இதை ஆஸ்டன் என்பார்கள், லோயர் தேர்ட் என்று சொல்பவர்களும் உண்டு. இங்கே பிரதியெடுப்பு வேறு வேடத்தில் வரும். குரல்: "இதுபற்றிக் கடைமடை விவசாயி இன்னார் கூறுகிறார்." உடனே அவர் பேசும் துண்டு, அதாவது பைட். பட்டையில்: "இன்னார், கடைமடை விவசாயி". ஐந்து நொடியில் ஒரே அறிமுகம் இரண்டு முறை. பட்டை இருக்கும்போது அந்தக் குரல் வரியை அப்படியே வெட்டிவிடலாம். பதிலாக, அவர் பேசப்போவதற்கு வாசல் திறக்கிற வரி ஒன்றைக் குரலுக்குக் கொடுங்கள்: "அணை திறந்த தண்ணீர் கடைசி வாய்க்காலுக்கு வந்து சேர எத்தனை நாள்?" அடுத்த ஃப்ரேமில் அவர் வாயைத் திறந்து, "எங்க, போன வருஷம் வரவே இல்லியே" என்கிறார். பெயரைப் பட்டை சொல்லிக்கொள்ளும்.

பட்டையின் முதல் வரியில் பெயர். அதில் யோசிக்க ஒன்றுமில்லை, அவரிடமே எழுதி வாங்கிவிடுங்கள், முன்னெழுத்தோடு, அவர் எழுதுகிற மாதிரியே. இரண்டாவது வரியில்தான் வேலை. இவர் சொல்வதை நான் ஏன் கேட்க வேண்டும் என்ற கேள்விக்கு அது பதில் சொல்ல வேண்டும். "விவசாயி" என்று மட்டும் போட்டால் பதில் இல்லை. திரையில் அவர் கையில் மண்வெட்டி இருக்கிறது, பின்னால் வயல் தெரிகிறது, விவசாயி என்று படமே சொல்லிவிட்டது. பட்டை படத்தையும் பிரதியெடுக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. "5 ஏக்கர், கடைமடைப் பாசனம், நாகப்பட்டினம் மாவட்டம்" என்றால் படமும் சொல்லாதது, குரலும் சொல்லாதது. அணைப் பொறியாளர் என்றால் "பொறியாளர்" போதாது. பணியில் இருக்கிறாரா, ஓய்வு பெற்றவரா, எந்தத் துறை என்பது வேண்டும். அரசை விமர்சித்துப் பேசுகிறவர் பணியில் இருப்பவரா இல்லையா என்பது அவர் பேச்சின் எடையையே மாற்றிவிடும்.

பைட் தொடங்கிய முதல் நொடியில் பார்ப்பவர் முகத்தைப் பார்ப்பார். பட்டையை அந்த நொடி கழித்து ஏற்றி, நான்கைந்து நொடி நிறுத்தி, அடுத்த ஷாட்டுக்குப் போகும் முன்பே இறக்கிவிடுங்கள். ஷாட் மாறிய பிறகு அடுத்தவர் முகத்தின் மேலும் அந்தப் பெயர் ஒரு நொடி நின்றதைப் பார்த்திருப்பீர்கள், அதைவிடச் சங்கடம் வேறில்லை. ஐந்து நிமிடப் படத்தில் அவர் மறுபடி வந்தால் பட்டை தேவையில்லை.

அப்புறம், சானல்களிலிருந்து ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம் ஒன்று. பைட் ஓடும்போதே பட்டையில் "தண்ணீர் வரவில்லை: விவசாயி வேதனை" என்று போடுவது. அவர் சொல்லப் போவதை அவருக்கு முன்பே நாம் சொல்லிவிடுகிறோம், அவர் என்ன உணர்கிறார் என்பதையும் சேர்த்து. சானலுக்கு ஒரு நியாயம் உண்டு: டீக்கடையில் சத்தம் இல்லாமல் ஓடும் டிவிக்கு அது வேண்டும், பாதியில் சானல் மாற்றி வருகிறவருக்கும் வேண்டும். உங்கள் படத்தை முதலிலிருந்து பார்க்கப் போகிறவருக்கு எதற்கு?

சொல்லுக்குச் சொல் போட்டே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. காது கேளாதவர்களுக்கான சப்டைட்டில் முதலாவது. அது குரலை முழுசாகத் தர வேண்டும், சுருக்கக் கூடாது. ஆனால் அது தனிக் கோப்பாக, வேண்டியவர் போட்டுக்கொள்கிற மாதிரி இருக்கட்டும். சப்டைட்டிலை மனதில் வைத்து, திரைக் கீழ்ப்பகுதியில் நீண்ட எழுத்து எதையும் நிரந்தரமாக வைக்காதீர்கள், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். போனில் சத்தமில்லாமல் பார்க்கிற ரீல்ஸுக்கு வெட்டும்போது குரல் முழுவதையும் திரையில் போடுவதும் நியாயமே. அதைத் தனி வடிவமாகச் செய்யுங்கள், ஐந்து நிமிடப் படத்தின் எழுத்தை எடுத்துவிட்டு. தீர்ப்பின் வரி, அரசாணையின் வாசகம், கல்வெட்டு மாதிரி எழுத்தே சான்றாக இருக்கிற இடத்திலும் அசல் சொற்கள் திரையில் வர வேண்டும். அங்கே குரல் அதே வரியை வாசிக்கலாம், அல்லது வாயை மூடிக்கொள்ளலாம். செய்யக்கூடாதது, திரையில் அசல் வரி ஓடும்போது குரல் அதற்கு விளக்கம் சொல்வது. ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது காதில் வேறு கதை சொல்வதுபோல ஆகிவிடும். விளக்கம் வரி மறைந்த பிறகு வரட்டும். அதேபோல, காற்றிரைச்சலில் பாதி கேட்காத பைட்டுக்கும் முழு எழுத்து போடத்தான் வேண்டும்.

எதிர்ப்பக்க எல்லை ஒன்றும் இருக்கிறது. கண் தெரியாதவரும், போனை அடுப்படியில் வைத்துவிட்டுக் கேட்பவரும் உங்கள் திரையைப் பார்க்கப் போவதில்லை. 93.47 அவர்களுக்குக் கிடைக்காமல் போனால் பரவாயில்லை. உதவி எண், கடைசித் தேதி போன்றவை திரையில் மட்டும் இருந்தால் தப்பு. அவற்றைக் குரலும் சொல்லட்டும், திரையும் காட்டட்டும்.

வேலை முறையைப் பற்றி ஒன்று. ஸ்கிரிப்ட்டைக் குரல், படம் என்று இரண்டு பத்தியாக எழுதுகிறவர்கள் மூன்றாவதாக "எழுத்து" என்று ஒரு பத்தி போடுங்கள், அதைக் கடைசியில் நிரப்புங்கள். கட்டிங் முடிந்து, குரல் பதிந்து, படம் உட்கார்ந்த பிறகுதான் எது விடுபட்டிருக்கிறது என்று தெரியும். முன்கூட்டியே நிரப்பினால் கை தானாகக் குரல் பத்தியிலிருந்து காப்பி எடுத்து ஒட்டும். நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு நிறுவனத்துக்குச் செய்த படத்தில், அவர்கள் கேட்டார்கள் என்று குரலில் வந்த ஒவ்வொரு வரியும் திரையிலும் இருந்தது. ஒப்படைப்பதற்கு முதல் நாள் இரவு ஓர் எண்ணைத் திருத்தச் சொன்னார்கள். குரலை மறுபடி பதிந்தோம், திரையிலும் மாற்றினோம். ஆனால் அதே எண் பின்னால் வந்த ஒரு பெயர்ப்பட்டையில் பதுங்கியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. அரங்கில் ஓடும்போதுதான் தெரிந்தது. எண் ஒரே இடத்தில் இருந்திருந்தால் ஒரே இடத்தில் திருத்தியிருப்போம்.

முடித்ததும் படத்தை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு, திரை எழுத்தை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். தாளைப் படித்தால் முழுக் கதையும் வந்துவிடுகிறது என்றால் எழுத்து அதிகம். பெயரும் எண்ணும் ஊருமாகச் சிதறிக் கிடந்தால் சரியாக இருக்கிறது. அடுத்து திரையைப் பார்க்காமல் குரலை மட்டும் கேளுங்கள். எங்காவது பட்டியல் வாசிக்கிற தொனி வந்தால், அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தில் அந்த முதல் குறி, அநேகமாக, அணை எப்போது கட்டப்பட்டது என்று சொல்கிற வரியில் விழும்.